டிஸ்க் போனதா, பெட்டி போனதா?

மேசையில் வைத்துப் பயன்படுத்தும் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் திடீரென்று கம்ப்யூட்டரில் தெரியாமல் போனால், டிஸ்க்கே போய்விட்டது என்று முடிவு கட்டுமுன் அதன் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் போடுகிற அதே 3.5 அங்குல சாட்டா டிஸ்க்தான். அதற்கு யூஎஸ்பி புரியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன போர்டும், அதன்மேல் ‘பிரிட்ஜ்’ என்கிற சிப்பும் இருக்கின்றன. துபாஷி மாதிரி, யூஎஸ்பியில் வரும் கட்டளைகளை அந்தச் சிப் சாட்டாவுக்கு மாற்றிச் சொல்கிறது. அது சூட்டிலோ மின்னேற்றத்திலோ பழுதானால், நல்ல டிஸ்க்கும் ஊமையாகிவிடும்.

டிஸ்க் சீராகச் சுற்றும் சத்தம் கேட்கிறது, டக்டக் என்ற அடி இல்லை, ஆனாலும் கம்ப்யூட்டரில் எதுவும் வரவில்லை என்றால் பிரிட்ஜ் மேல் சந்தேகம் வரலாம். சில நேரம் பெயர் வரும், கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டும். பெட்டியைத் திறக்குமுன் கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள். 3.5 அங்குலப் பெட்டிகளுக்குப் பொதுவாக 12 வோல்ட் அடாப்டர். பின் பொருந்துகிறதே என்று 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் செருகினால் டிஸ்க்கின் போர்டும் சேர்ந்து எரியலாம்.

அதற்கும் அசையாவிட்டால் டிஸ்க்கை வெளியே எடுக்க வேண்டியதுதான். வாரன்டி இருந்தால் அது போய்விடும் என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். 2.5 அங்குல பாக்கெட் டிஸ்க்குகளில் இன்னொரு சிக்கல்: வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் போன்ற பலவற்றில் யூஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வேறு பெட்டிக்கு மாற்ற அதில் சாட்டா முனையே இருக்காது.

சாட்டா முனை இருந்தால், வெளியே எடுத்த டிஸ்க்கை வேறு பெட்டியிலோ, அணைத்து வைத்த டெஸ்க்டாப்பின் சாட்டா கேபிளிலோ மாட்டுங்கள். ஃபைல்கள் அப்படியே தெரிந்தால், போனது பழைய பெட்டி. சுற்றவே இல்லை, அல்லது அடிக்கும் சத்தம் வருகிறது என்றால் கோளாறு டிஸ்க்கில். உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். இனி அது டேட்டா மீட்பு ஆள்களின் வேலை.

பலர் ஏமாறுவது மூன்றாவது விளைவில். டிஸ்க்கின் மாடலும் கொள்ளளவும் சரியாகத் தெரியும், ஃபைல் மட்டும் இருக்காது. 3 டிபி டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் அதை 2794 ஜிபி என்று காட்டும். ஆனால் பார்ட்டிஷன் மட்டும் சுமார் 349 ஜிபி, அதன்மேல் RAW என்று இருக்கிறது. 2794-ஐ எட்டால் வகுத்தால் கிடைப்பதும் 349தான். காரணம் இதுதான்: பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் முறையில், 512 பைட் செக்டர் கணக்குப்படி சுமார் 2 டிபிக்கு மேல் எட்டாது. விண்டோஸ் எக்ஸ்பியிலும் பெரிய டிஸ்க் ஓடட்டும் என்று, சில பெட்டிகளின் பிரிட்ஜ் ஒரு செக்டரை 4096 பைட்டாகக் காட்டியது. எட்டு மடங்கு பெரிய அலகில் எழுதிய கணக்கை இப்போது சின்ன அலகில் படிக்கிறோம். பார்ட்டிஷன் தொடங்கும் இடமும் அளவும் தவறிவிடுகின்றன. தரவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. 4096 பைட்டாகக் காட்டும் பெட்டி கிடைத்தால் அதில் போட்டுப் படிக்கலாம். லினக்ஸ் தெரிந்தவர்கள் எழுத முடியாத நிலையிலேயே திறக்கலாம். sdb என்ற இடத்தில் உங்கள் டிஸ்க்கின் பெயரும், loop0 என்ற இடத்தில் முதல் கட்டளை காட்டும் பெயரும் வர வேண்டும்:

```
sudo losetup -r -P --sector-size 4096 -f --show /dev/sdb
sudo mount -o ro /dev/loop0p1 /mnt
```

பார்ட்டிஷனே தெரியாமல் Not Initialized என்று வந்தால் வேறு காரணம் இருக்கலாம். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் வரிசையில் பல மாடல்களில், நாம் பாஸ்வேர்ட் போடாவிட்டாலும் பிரிட்ஜ் சிப்பே எல்லாவற்றையும் மறையாக்கி எழுதுகிறது. வேறு பெட்டியில் அது வெறும் குப்பையாகத்தான் தெரியும். அதே மாடலின், அதே சிப் உள்ள போர்டு கிடைத்தால் பல சமயம் படித்துவிடலாம். பாஸ்வேர்ட் போட்டிருந்தால் அதுவும் வேண்டும்.

டிஸ்க் படித்துவிட்டது என்பதற்காக அது நலம் என்று ஆகாது. முதலில் தேவையான ஃபைல்களை வேறிடத்துக்கு நகலெடுங்கள். பிறகு CrystalDiskInfo-வில் 05, C5, C6 என்ற வரிகளின் Raw எண்களைப் பாருங்கள். அவை பூஜ்யமாக இருந்தால் புதுப் பெட்டி வாங்கிப் போட்டுத் தொடரலாம். ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள்.

இந்தச் சோதனையின் நடுவே விண்டோஸ் Initialize என்றும் Format என்றும் கேட்டுக்கொண்டே இருக்கும். ஃபைல்கள் வேறிடத்தில் பத்திரமாகச் சேரும்வரை இரண்டுக்கும் Cancel மட்டுமே கொடுங்கள்.