பத்துக்கு இறங்கினால் இருபத்தாறு வரை

கோவையில் மோட்டார், பம்ப் உதிரிபாகம் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். அங்கே 6205 என்ற பேரிங் இருக்கிறது. உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52. சிறு மோட்டார்களில் சாதாரணமாகப் போடுவது. கணக்குக்காக அரை வருடத்து விற்பனையை, அதாவது 26 வாரத்தை, இப்படி வைத்துக்கொள்வோம்: மூன்றாவது வாரம் 2, ஏழாவது வாரம் 10, ஒன்பதாவதில் 1, பதினான்காவதில் 4, பதினெட்டாவதில் 12, இருபதாவதில் 2, இருபத்து நான்காவதில் 8. மற்ற பத்தொன்பது வாரமும் ஒன்றுகூடப் போகவில்லை.

மொத்தம் 39 விற்றிருக்கிறது. சராசரி பார்த்தால் வாரத்துக்கு ஒன்றரை. ஆனால் ஒன்றரை பேரிங் விற்ற வாரம் என்று ஒன்று கிடையாது. வந்தால் கொத்தாக வருகிறது, இல்லையென்றால் வாரக்கணக்கில் ஆளே இல்லை. ஒன்று இரண்டு கேட்பவர் மோட்டார் ரிப்பேர் செய்யும் மெக்கானிக். பத்து பன்னிரண்டு கேட்பது மில். மெஷின்களை நிறுத்திப் பராமரிப்பு பார்க்கும்போது மொத்தமாக மாற்றுவார்கள்.

இப்படிப்பட்ட சரக்குக்குக் கடைக்காரர்கள் பலர் இரண்டு எண்களை வைத்திருப்பார்கள். கீழே ஒரு மட்டம், மேலே ஒரு மட்டம். இருப்பு கீழ்மட்டத்துக்கு வந்தாலோ அதற்கும் கீழே இறங்கினாலோ ஆர்டர் போட வேண்டும். எவ்வளவு போடுவது? மேல்மட்டம் வரை நிரம்புகிற அளவு. கம்ப்யூட்டர் பில்லிங்கில் மினிமம், மேக்சிமம் என்று இரண்டு கட்டம் இருக்குமே, அதுதான். 1951இல் கென்னத் ஆரோ, தியோடர் ஹாரிஸ், ஜேக்கப் மார்ஷாக் மூவரும் இந்த முறையைக் கணிதமாக எழுதினார்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் லாரி வாடகை, இறக்குகூலி என்று ஒரு நிலையான செலவு இருக்கும்வரை, பொதுவான நிபந்தனைகளில் இதைவிடச் செலவு குறைந்த முறை இல்லை என்று 1960இல் ஹெர்பர்ட் ஸ்கார்ஃப் நிரூபித்தார். ஆனால் அந்த இரண்டு கட்டத்தில் என்ன எண்ணைப் போடுவது என்பதில்தான் கடைகள் தடுமாறுகின்றன.

வழக்கமான கணக்கு இது. ஆர்டர் போட்டால் சரக்கு வர இரண்டு வாரம் ஆகும். இரண்டு வாரச் சராசரி விற்பனை 3. கையிருப்புக்கு இன்னும் 2 சேர்த்து, கீழ்மட்டம் 5. வருகிற ஆர்டர் ஒவ்வொரு தடவையும் 20. அந்த அரை வருடத்தில் இதை ஓட்டிப் பார்ப்போம். தொடக்கத்தில் 26 இருக்கிறது. விற்பனை போகப் போக 24, 14, 13, பதினான்காவது வாரம் 9. ஐந்துக்கு மேலேதான் இருக்கிறது, ஆர்டர் போடவில்லை. பதினெட்டாவது வாரம் மில்லிலிருந்து 12 கேட்டு வருகிறார்கள். 9தான் இருக்கிறது. மூன்று குறைகிறது. அன்றைக்குத்தான் ஆர்டர் போகிறது. சரக்கு வந்து இறங்குவதற்கு முன், இருபதாவது வாரம் வந்து 2 கேட்ட மெக்கானிக்குக்கும் இல்லை.

இருப்பு ஒவ்வொன்றாகக் குறைந்து, சரியாக ஐந்தில் நிற்கும்போது ஆர்டர் போடுவோம், அதன் பிறகு இரண்டு வாரம் சமாளித்தால் போதும் என்று இந்தக் கணக்கு நம்புகிறது. உப்பு, சோப்பு போல நாள்தோறும் நகரும் சரக்குக்கு அது ஓரளவு சரி. கொத்தாகப் போகிற சரக்கு மட்டத்தில் நிற்காது. 9இலிருந்து ஒரே பில்லில் பூஜ்யத்தையும் தாண்டிவிடும். ஆர்டர் போட வைக்கிற விற்பனையே பெரிய விற்பனையாக இருப்பதுதான் இங்கே சிக்கல். எனவே கீழ்மட்டம், சரக்கு வரும் இரண்டு வாரத்துக்கு மட்டும் போதாது. மட்டத்தைத் தாண்டி இறக்குகிற அந்த ஒரு விற்பனையையும் தாங்க வேண்டும்.

இதை அளக்கச் சூத்திரம்கூட வேண்டாம், பழைய பில் போதும். கடைக்காரர் சனிக்கிழமை மாலை இருப்பு பார்க்கிறார் என்று கொள்வோம். விற்பனை நடந்த வாரங்களை மட்டும் எடுங்கள், ஏனென்றால் இருப்பு மட்டத்தைத் தாண்டுவது விற்பனை நடந்த வாரத்தில்தான். ஒவ்வொன்றிலும் அந்த வார விற்பனையோடு அடுத்த இரண்டு வார விற்பனையையும் கூட்டுங்கள். மூன்றாவது வாரத்துக்கு 2. ஏழாவது வாரத்தின் 10, ஒன்பதாவதின் 1 சேர்ந்து 11. ஒன்பதாவது வாரத்துக்கு 1, பதினான்காவதுக்கு 4. பதினெட்டாவதின் 12, இருபதாவதின் 2 சேர்ந்து 14. பிறகு 2, 8.

ஏழு கூட்டல் கிடைத்திருக்கிறது. பெரியது 14, அடுத்தது 11. கீழ்மட்டம் 10 என்றால், ஆர்டர் போடாமல் விட்ட சனிக்கிழமை குறைந்தது 11 இருந்திருக்கும். அது ஏழில் ஆறு தடவைக்குப் போதும். ஏழுக்கும் ஈடு கொடுக்க வேண்டுமானால் 13 ஆக்க வேண்டும். சராசரிக் கணக்கு 5 என்றது. பாதிக்குப் பாதி தவறு.

பத்தா, பதின்மூன்றா? இதைப் பணம்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு பேரிங் 300 ரூபாய், ஒரு வருடம் வைத்திருக்க முடங்கும் பணத்தின் வட்டி, இடம், துரு எல்லாம் சேர்த்து நூற்றுக்கு 20, அதாவது 60 ரூபாய் என்று வையுங்கள். மூன்று கூடுதலாக வைத்தால் வருடத்துக்கு 180 ரூபாய். மில் ஒருமுறை வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடும் என்றால் அந்த 180 ரூபாயைக் கொடுத்துவிடலாம் என்பேன். அதுவே 8,000 ரூபாய்ச் சரக்காக இருந்தால் அதே மூன்றுக்கு வருடம் 4,800 ரூபாய். அப்போது பத்தோடு நிற்பதுதான் புத்தி. இங்கே பத்தையே வைத்துக்கொண்டு மேலே போவோம்.

மேல்மட்டத்துக்கு வேறு கணக்கு. அடிக்கடி கொஞ்சமாக வாங்கினால் லாரிச் செலவு ஏறும், எப்போதாவது நிறைய வாங்கினால் பணம் முடங்கும். இரண்டும் சமமாகிற ஆர்டர் அளவுக்கு 1913இலேயே ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கர் வழி சொல்லிவிட்டார். வருட விற்பனை 78, ஒரு ஆர்டர் செலவு 150 ரூபாய் என்று வைத்தால், இரண்டையும் பெருக்கி, இரட்டித்து, 60ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். சுமார் 20 வருகிறது.

உடனே பத்தோடு இருபதைக் கூட்டி மேல்மட்டம் 30 என்று எழுதிவிடத் தோன்றும். அது கொஞ்சம் அதிகம். ஆர்டர் போடும்போது இருப்பு பத்தில் நிற்காது, அதற்கும் கீழே போயிருக்கும் என்று பார்த்தோமே. எவ்வளவு கீழே என்பதையும் பில்லிலிருந்தே எடுக்கலாம். ஏழு விற்பனையையும் தனித்தனியாகத் தன்னாலேயே பெருக்கிக் கூட்டினால் 333. மொத்த விற்பனையின் இரு மடங்கு 78. முதலாவதை இரண்டாவதால் வகுத்து அரையைக் கழித்தால் ஏறக்குறைய 4. சராசரியாக மட்டத்துக்கு நான்கு கீழே போன பிறகுதான் ஆர்டர் போகிறது. ஆகவே ஆர்டர் சராசரியாக 20 ஆக இருக்க, இரண்டு மட்டத்துக்கும் இடைவெளி 16 போதும். மேல்மட்டம் 26.

அதே அரை வருடத்தை 10, 26 வைத்து ஓட்டுவோம். பதினான்காவது வாரம் இருப்பு 9. இம்முறை ஆர்டர் போகிறது, 17. பதினாறாவது வாரம் சரக்கு வந்து 26 ஆகிறது. பதினெட்டாவது வாரம் மில் கேட்ட 12 கையில் இருக்கிறது. இருபதாவது வாரத்து மெக்கானிக்குக்கும் இருக்கிறது. இருபத்து நான்காவது வாரம் 4க்கு இறங்கும்போது அடுத்த ஆர்டர், 22. அரை வருடத்தில் இரண்டே ஆர்டர், யாரும் வெறுங்கையோடு போகவில்லை.

மேல்மட்டத்தில் நான் துல்லியம் பார்க்க மாட்டேன். ஆர்டர் 20க்குப் பதில் 16 ஆனாலும் 25 ஆனாலும், லாரிச் செலவும் முடங்கும் பணமும் சேர்ந்து நூற்றுக்கு இரண்டரைதான் கூடும். பெட்டிக் கணக்குக்கு ஏற்ப இப்படி அப்படி மாற்றிக்கொள்ளலாம். கவனமெல்லாம் கீழ்மட்டத்தில் இருக்கட்டும்.

எண்கள் சரியாக இருந்தும் முறை கெட்டுப்போவது உண்டு. பதினான்காவது வாரம் 17க்கு ஆர்டர் போட்டாயிற்று. அடுத்த சனிக்கிழமை அலமாரியில் அதே 9தான் இருக்கும். அதை மட்டும் பார்த்து மறுபடி 17 போட்டால், மூன்று வாரத்தில் இருப்பு 43. மட்டத்தோடு ஒப்பிட வேண்டியது அலமாரியில் இருப்பதை அல்ல. அதோடு வழியில் வந்துகொண்டிருப்பதைக் கூட்டி, வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய பாக்கியைக் கழித்து வருவதைத்தான். அன்றைக்கு அந்த எண் 26, ஆர்டருக்கு வேலையே இல்லை. தட்டுப்பாடு வந்த கையோடு குவியலும் வருகிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

இன்னொன்று, பில்லில் இருப்பது விற்றது மட்டும்தான், கேட்டது அல்ல. மில் 12 கேட்டு 9 வாங்கிப் போனால் பில் 9 என்கிறது. அடுத்த முறை அந்த 9ஐ வைத்துக் கீழ்மட்டம் போட்டால் தட்டுப்பாடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, “இல்லைங்க” என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் தேதி, நம்பர், எத்தனை என்று எழுதி வைத்தால் தீரும். ஏழு விற்பனை என்பதும் சின்ன ஆதாரம்தான். இரண்டு மூன்று வருடத்துப் பில் கிடைத்தால் அதே கூட்டலை அதில் செய்ய வேண்டும்.

சில மென்பொருள்கள் வாரந்தோறும் சராசரியைத் திருத்திக் கீழ்மட்டத்தைத் தாங்களே மாற்றும். பெரிய விற்பனை முடிந்த மறுநாள் மட்டம் எகிறும், பல வாரம் சும்மா கிடந்தபின் தாழ்ந்துவிடும். இந்த மாதிரிச் சரக்கில் அது தலைகீழ் வேலை. பிரிட்டனைச் சேர்ந்த ஜே. டி. கிராஸ்டன் 1972இல் இதைச் சுட்டிக்காட்டி, எத்தனை கேட்கிறார்கள் என்பதையும் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறார்கள் என்பதையும் தனித்தனியாகக் கணிக்கச் சொன்னார். நம் பேரிங்குக்கு அது ஒரு தடவைக்கு ஐந்தரை, ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை. வாரத்துக்கு ஒன்றரை என்பதைவிடக் கடைக்காரருக்கு இது எவ்வளவோ புரிகிற தகவல்.

கணக்கு எல்லாம் போடுவதற்கு முன் ஒரு போன் செய்யலாம். 10ம் 12ம் ஒரே மில்லுக்குப் போனவை என்றால், அங்கே ஸ்டோர்ஸ் பார்ப்பவரிடம், “சார், அடுத்த ஷட்டவுன் எப்பன்னு மூணு வாரம் முன்னாடி சொல்லிட்டீங்கன்னா போதும், உங்களுக்குன்னு தனியா வரவழைச்சு வச்சிருவேன்” என்று சொல்லிப் பார்க்க வேண்டும். அவர் ஒத்துக்கொண்டால் அந்த இரண்டு விற்பனையையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். மிச்சமுள்ள கூட்டல்கள் 2, 1, 4, 2, 8. கீழ்மட்டம் 7 வைத்தால் ஐந்துக்கும் ஈடு கொடுக்கும். முன்பு எல்லாவற்றுக்கும் ஈடு கொடுக்க 13 வேண்டியிருந்தது. வருட விற்பனை 34 ஆகிறது, ஆர்டர் அளவு 13, மட்டத்துக்குக் கீழே இறங்குவது சராசரி 2. இடைவெளி 11, மேல்மட்டம் 18. அவர் முடியாது என்றால் 10, 26 இருக்கவே இருக்கிறது.