கைக்கேற்ற பட்டை கட்டினீர்களா?

சென்ற ஆவணியில் வளைகாப்பு முடிந்து, என் பெண் மயிலாப்பூரில் எங்களோடு தங்கினாள். "வீட்டிலேயும் பிரஷர் பார்த்து எழுதி வையுங்கோ" என்று டாக்டரம்மா சொன்னதால், தி.நகரில் ஒரு மிஷின் வாங்கினேன். முதல் தடவையே 146/94! பதறியடித்து ஆட்டோவில் ஓடினோம். அங்கே பார்த்தால் 124/78!

டாக்டரம்மா டேப் எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றளவு பார்த்தார். 35 செ.மீ. எங்கள் பட்டையில் அச்சிட்டிருந்ததோ 22–32. "பட்டை சின்னதா இருந்தா உள்ளே இருக்கிற காற்றுப் பை கையைச் சரியாச் சுத்தாது. ரத்தக்குழாயை அமுக்க அதிகக் காற்று வேணும். அதனாலதான் கூடுதலாக் காட்டறது. ரொம்பப் பெரிசா இருந்தா குறைச்சுக் காட்டும்" என்றார். அதே கம்பெனியின் 32–42 பட்டையை வாங்கி, அவருடைய கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டோம். சில மிஷின்கள் கர்ப்பகால பிரஷர் நோயில் குறைத்துக் காட்டுமாம். கர்ப்பிணிகளிடம் சோதித்த மாடல்தானா என்று கேட்டு வாங்குவது நல்லது.

அதன்பின் தினமும் காலை, மாலை இப்படித்தான் பார்த்தோம். காப்பி குடித்து அரைமணி ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, சாய்மானமுள்ள நாற்காலியில், கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் படிய, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். துணி விலக்கிய கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டை. கை, நெஞ்சு மட்டத்துக்கு மேஜையில் இருக்கட்டும். தொங்கினால் அதிகம் காட்டும். ஒரு பக்கமாகப் படுத்து, மேலே இருக்கும் கையில் பார்த்தால் குறைவாகக் காட்டும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டாம் முறையும் பார்த்து, இரண்டையும் எழுதினோம்.

35-ஆம் வாரம் ஒரு காலையில் 142/92. "மறுபடியும் மிஷின் கோளாறுதாம்மா!" என்று சிரித்தாள். ஆனால் பட்டையும் சரி, உட்கார்ந்த விதமும் சரி. நான்கு மணி நேரம் கழித்து 144/92. உடனே போன் செய்தேன். சிறுநீரில் புரதம் இருந்ததால் அன்றே சேர்த்துக்கொண்டார்கள். 37-ஆம் வாரத்தில் பேரன் பிறந்தான். பிரசவத்துக்குப் பிறகும் பிரஷர் ஏறலாம் என்பதால், டாக்டரம்மா சொன்னபடி வீட்டில் தொடர்ந்து பார்த்தோம்.

அவர் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் எங்கள் பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90 தொட்டால் அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். 160 அல்லது 110 என்றால் பதினைந்து நிமிஷத்தில் மறுபடி பாருங்கள். குறையாவிட்டால் 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம் வந்தால், மிஷின் என்ன காட்டினாலும் சரி, காத்திராமல் போங்கள்.