சுழல்வது தலையா, தரையா?

தட்டாமாலை தமிழ்ச் சிறுவர்களின் பழைய விளையாட்டுகளுள் ஒன்று. இரு கைகளையும் விரித்துப் பாடிக்கொண்டே, நின்ற இடத்திலேயே சுற்றுவர். சட்டென்று நின்றதும் எதிரில் உள்ள தென்னை மரங்கள் சுழல்வது போலத் தோன்றும், கால்கள் தள்ளாடும். பாலக்காட்டு எல்லையில் உள்ள வடகரப்பதியில் ஆடினாலும் சென்னையில் ஆடினாலும் இந்தக் கிறுகிறுப்பு வந்தே தீரும். உடல் நின்ற பிறகும் உலகம் நிற்காததுபோல் தோன்றுவது ஏன்? அதற்கான விடை கண்ணில் இல்லை, காதுக்குள் இருக்கிறது.

காது கேட்பதற்கு மட்டும் உரிய உறுப்பன்று. செவிப்பறைக்கும் அப்பால், மண்டையோட்டு எலும்பின் உள்ளே அமைந்த பகுதி உட்செவி எனப்படும். அதன் ஒரு பகுதி ஒலியை உணர்கிறது. மற்றொரு பகுதி உடலின் சமநிலையை உணர்கிறது. அந்த இரண்டாம் பகுதியில் வளையல் துண்டுகளைப் போல வளைந்த மூன்று நுண்ணிய குழல்கள் உள்ளன. இவற்றை அரைவட்டக் குழல்கள் என்பர். மூன்றும் மூன்று வெவ்வேறு திசைகளில் அமைந்துள்ளன. ஆகவே, தலையை ‘ஆம்’ என்று மேலும் கீழும் அசைத்தாலும், ‘இல்லை’ என்று இடமும் வலமும் திருப்பினாலும், தோள்பக்கம் சாய்த்தாலும் ஏதேனும் ஒரு குழல் அதனை அறிந்துகொள்ளும்.

ஒவ்வொரு குழலிலும் நீர் போன்ற திரவம் நிறைந்துள்ளது. குழலின் ஒரு முனை சற்றுப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பினுள் நுங்கைப் போன்ற மென்மையான திரை ஒன்று வழியை அடைத்து நிற்கிறது. உணர்வுச் செல்களின் மிக நுண்ணிய மயிரிழைகள் அத்திரைக்குள் நீண்டிருக்கின்றன. திரை வளைந்தால் மயிரிழைகளும் வளையும். அவை எப்பக்கம் வளைந்தன என்ற செய்தி நரம்பின் வழியே மூளைக்குச் செல்லும். தலை எப்பக்கம் திரும்புகிறது என்பதை மூளை அதனைக் கொண்டே முடிவு செய்கிறது.

இந்த அமைப்பு எவ்வாறு ஏமாறுகிறது என்பதை ஓர் எளிய சோதனையால் அறியலாம். வட்டமான கிண்ணம் ஒன்றில் நீர் நிரப்பி, அதன்மேல் சிறிதளவு நெல் உமியைத் தூவவேண்டும். கிண்ணத்தை மெல்லச் சுழற்றத் தொடங்கினால், கிண்ணம் திரும்பும். உமியோ ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கும். நீர் உடனே நகராமல் பின்தங்குவதே அதற்குக் காரணம். தொடர்ந்து சுழற்றினால், சிறிது நேரத்தில் நீரும் கிண்ணத்தோடு சேர்ந்து சுழலும். இப்போது கிண்ணத்தைத் திடீரென நிறுத்தினால் கிண்ணம் நிற்கும்; உமி நிற்காது. நீர் தன் பழைய வேகத்தில் இன்னும் சிறிது நேரம் சுற்றிக்கொண்டிருக்கும்.

காதுக்குள் நிகழ்வதும் இதுவே. ஒரு சிறுமி வலப்பக்கமாக அரை நிமிடம் தட்டாமாலை சுற்றுவதாகக் கொள்வோம். அவள் சுற்றத் தொடங்கியதும் குழல் வலப்பக்கம் திரும்புகிறது. உள்ளிருக்கும் திரவம் பின்தங்குகிறது. அதனால் திரை ஒரு பக்கமாக வளைகிறது. ‘வலப்பக்கம் திரும்புகிறேன்’ என்று மூளை சரியாகவே உணர்கிறது. ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால், திரவமும் குழலின் வேகத்தை எட்டிவிடுகிறது. திரை மெல்ல நிமிர்ந்து பழைய நிலைக்கு வருகிறது. அப்போது அவள் கண்களை மூடிக்கொண்டால், சுற்றுகிறோம் என்ற உணர்வே குறைந்து மறையத் தொடங்கும்.

இப்போது அவள் சட்டென்று நிற்கிறாள். குழல் நின்றுவிட்டது, திரவம் மட்டும் வலப்பக்கமே விரைகிறது. அது திரையை முன்பு வளைந்ததற்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறது. எனவே ‘இடப்பக்கம் திரும்புகிறேன்’ என்னும் பொய்ச் செய்தி மூளைக்குப் போகிறது. மூளை அதனை நம்பி, உடலை நேராக்க முயல்கிறது. திரும்பாத உடலைத் திருத்த முயல்வதால் அவள் வலப்பக்கமாகச் சாய்ந்து தள்ளாடுகிறாள்.

கண்களும் இந்தப் பொய்ச் செய்திக்குக் கட்டுப்படுகின்றன. தலை திரும்பும்போது காட்சி கலங்காதிருக்க, கண்கள் எதிர்ப்பக்கம் நகர்வது இயல்பு. சுற்றி நின்றவளின் கண்களைத் தோழி ஒருத்தி உற்றுநோக்கினால், அவை ஒரு பக்கம் மெல்ல நகர்ந்து, மறுபக்கம் வெடுக்கென்று திரும்புவதை மீண்டும் மீண்டும் காணலாம். இதனால்தான் அசையாத மரமும் அசைவதாகத் தோன்றுகிறது. திரை நிமிர்ந்து, மூளையும் அமைதியடையப் பெரும்பாலும் அரை நிமிடம் ஆகும். அதன்பின் கிறுகிறுப்பு தானே நீங்கும்.

உட்செவியின் திரவம் அசைந்தாலே போதும், உடல் சுற்றாமலும் தலை சுற்றும். இதனை விளக்கியவர் வியன்னா நகரில் பணியாற்றிய காது மருத்துவர் ராபர்ட் பாரனி. நோயாளிகளின் காதினுள் நீர் பாய்ச்சிக் கழுவும்போது சிலருக்குத் தலைசுற்றல் வருவதை அவர் கண்டார். நீர் குளிர்ந்திருந்தால் கண்கள் ஒரு பக்கமாகவும், சூடாக இருந்தால் மறுபக்கமாகவும் வெடுக்கென்று அசைந்தன. உடலின் வெப்பத்தை ஒத்த நீரால் தலைசுற்றல் ஏற்படவில்லை. அடுப்பில் வைத்த பானையில் சூடான நீர் மேலெழும். குளிர்ந்த நீர் கீழிறங்கும். அவ்வாறே குளிர்ச்சியும் வெப்பமும் அரைவட்டக் குழலின் திரவத்தை ஓடச் செய்கின்றன என்று அவர் விளக்கினார். இவ்வாய்வுகளுக்காக 1914ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அச்செய்தி வந்தபோது அவர் முதல் உலகப் போரில் பிடிபட்டு, ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

பாரனி கண்ட உண்மை ஆற்றிலும் கிணற்றிலும் நீந்துவோர்க்கு மிகவும் பயன்படும். செவிப்பறையில் துளை உள்ளவர் குளிர்ந்த நீரில் மூழ்கினால், நீர் உள்ளே புகுந்து உட்செவியின் அருகே சென்றுவிடும். அக்கணமே கடுந்தலைசுற்றல் உண்டாகி, மேல் எது, கீழ் எது என்று அறியாமல் திகைக்க நேரலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இது பேரிடர். ஆகவே காதில் சீழ் வடிபவர்கள் மருத்துவரிடம் காட்டாமல் நீரில் குதித்தல் கூடாது.

விளையாட்டிலும் இடமறிந்து ஆடவேண்டும். கிணற்று மேட்டிலும், படிக்கட்டின் அருகிலும், கற்கள் கிடக்கும் இடத்திலும் தட்டாமாலை சுற்றலாகாது. தலை சுற்றினால் ஓட முயலாமல் அங்கேயே அமர்ந்து, அசையாத பொருள் ஒன்றினைக் கண்கொட்டாமல் நோக்கவேண்டும். கண் நிலைபெறும்போது கிறுகிறுப்பும் விரைவில் தணியும்.

எல்லாத் தலைசுற்றலும் உட்செவியால் வருவதன்று. பசித்திருக்கும்போதும், படுக்கையிலிருந்து விரைந்து எழும்போதும் கண் இருண்டு மயக்கம் வருவது வேறு வகை. சுற்றாமலே அறை சுழல்வதாக வீட்டில் பாட்டியோ தாத்தாவோ சொன்னால், அதனை ‘வயதின் தளர்ச்சி’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். திரவம் தானே அடங்கும் கிறுகிறுப்பு அரை நிமிடத்தில் நீங்கும். அடங்காதது வேறொரு காரணத்தைச் சுட்டுகிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. கிண்ணச் சோதனையில் கிண்ணம், நீர் ஆகியவை காதின் எப்பகுதிகளைக் குறிக்கின்றன?
2. இடப்பக்கமாகச் சுற்றி நின்ற சிறுவன் எப்பக்கம் சாய்வான்? காரணம் கூறுக.
3. உடலின் வெப்பத்தை ஒத்த நீரால் தலைசுற்றல் ஏற்படாதது ஏன்?