கறுப்பு வேறு, வாடை வேறு

ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷினின் கதவைத் திறந்ததும் மக்கிய வாடை அடிக்கிறது. கதவைச் சுற்றியுள்ள ரப்பரை விலக்கிப் பார்த்தால் உள்மடிப்பு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். வாடைக்கு இதுதான் காரணம் என்று முடிவுகட்டி, பழைய பல் பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்கிறோம். ரப்பர் கொஞ்சம் வெளுக்கிறது. ஆனால் சில நாளிலேயே வாடை திரும்பிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் கறுப்பும் மூக்குக்குத் தெரியும் வாடையும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

ரப்பரில் இருக்கும் கறுப்பு, பூஞ்சை. வாடையில் பெரும்பங்கு பாக்டீரியாவின் வேலை. அது குடியிருக்கும் இடம் நம் கண்ணில் படாது. துணி சுழலும் துளையிட்ட எஃகு டிரம்முக்கு வெளியே, தண்ணீரைத் தாங்கும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று உண்டு. டிரம்மின் பின்புறத்திலும் இந்தத் தொட்டியின் உட்சுவரிலும் கரையாத சோப்பு, உடம்பு எண்ணெய், துணித் துகள், தண்ணீரின் உப்பு எல்லாம் சேர்ந்து வழவழப்பான படலமாகப் படிகின்றன. பாக்டீரியாவுக்கு அது இருப்பிடமும் உணவும் ஆகிறது. துவைத்துக் காய்ந்த துண்டு மடிப்பில் இருக்கும்போது மணக்கும். முகம் துடைத்து ஈரம் பட்டதும் நாறும். அப்படி நாறும் துணிகளில் மொராக்செல்லா என்ற பாக்டீரியா இருப்பதையும், காய வைத்தாலும் அது சாகாமல் தாங்குவதையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள்.

இந்தப் படலம் வளர்வதற்கு நாமே வசதி செய்து கொடுக்கிறோம். சென்னைப் புறநகரில் போர் தண்ணீர் வரும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று தினமும் பச்சைத் தண்ணீரில் ‘குயிக் வாஷ்’. உப்புத் தண்ணீரில் அழுக்குப் போகாது என்று சோப்பு கூடுதலாக ஒரு மூடி. வாசனைக்காக ஃபேப்ரிக் கண்டிஷனர். துவைத்து முடிந்ததும் கதவு ‘டக்’கென்று மூடப்படுகிறது. இந்த மெஷின் குறைந்த தண்ணீரில் துவைப்பதால் கூடுதல் சோப்பு முழுதாக அலசப்படுவதில்லை. கண்டிஷனரில் இருக்கும் கொழுப்புப் பொருள் பச்சைத் தண்ணீரில் பிசுபிசுப்பாகவே நின்றுவிடுகிறது. தண்ணீர் கசியாமல் இருக்கப் பொருத்திய ரப்பர் காற்றையும் விடாது. அதனால் உள்ளே இருக்கும் ஈரம் அடுத்த நாள்வரை அப்படியே இருக்கும்.

இந்த வீட்டு மெஷினைச் சுத்தம் செய்யும் முன் மூக்கை வைத்து ஒரு சோதனை செய்ய வேண்டும். சோப்பு டிரே, கதவு ரப்பர், கீழே மூலையில் இருக்கும் ஃபில்டர், கழிவுக் குழாய் தரையில் இறங்கும் இடம் ஆகியவற்றைத் தனித்தனியாக முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை போலவோ சாக்கடை போலவோ கழிவுக் குழாய்ப் பக்கம் அடித்தால் குற்றம் மெஷினுடையது அல்ல. தரையிலுள்ள டிராப்பில் தண்ணீர் வற்றியிருக்கலாம், அல்லது ஹோஸ் சாக்கடைக் குழாய்க்குள் மிக ஆழமாகச் செருகப்பட்டிருக்கலாம். அதை பிளம்பரிடம் சரிசெய்துகொள்ள வேண்டும். வாடை மெஷினுக்குள்தான் என்றால் ஃபில்டரில் தொடங்குங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுடுதண்ணீர் ஓடிய உடனே அல்லாமல் ஆறிய பிறகு ஃபில்டரைத் திறக்க வேண்டும். தட்டையான தட்டு ஒன்றைக் கீழே வைத்து, மூடியை மெல்லத் திருகினால் கறுத்த தண்ணீர் வடியும். முடி, நூல், சில்லறை, ஹேர்பின் எல்லாம் கிடைக்கும். கழுவி மறுபடி இறுக்கி மூடாவிட்டால் தரை நனையும். அடுத்து சோப்பு டிரேயை, நடுவில் இருக்கும் பிடியை அழுத்தியபடி முழுதாக உருவுங்கள். கண்டிஷனர் அறையின் மூடியைக் கழற்றிக் கழுவுங்கள். டிரே இருந்த பொந்தின் மேற்கூரையிலும் பூஞ்சை இருக்கும், அதையும் துடைக்க வேண்டும்.

பிறகு ரப்பர். அதன் அடி மடிப்பில் தண்ணீர் வடிய சிறு துளைகள் உண்டு. துணித் துகள் அவற்றை அடைத்திருந்தால் அங்கே தண்ணீர் தேங்கும், பூஞ்சையும் அங்கேதான் அடர்ந்திருக்கும். துளைகளைச் சுத்தம் செய்து ஈரத்தைத் துடைத்தெடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் வீட்டு உபயோக லிக்விட் பிளீச் 50 மில்லி கலந்து, அதில் நனைத்துப் பிழிந்த பழைய துணியை மடிப்புக்குள் சுற்றிலும் செருகிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். கையுறை அவசியம், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். அதன்பின் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை துடையுங்கள். பிளீச்சோடு வினிகர், எலுமிச்சை, டாய்லெட் ஆசிட் எதையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சுத் திணறும். கத்தியாலோ கம்பி நாராலோ சுரண்டினால் ரப்பர் கீறல் விழும், கீறலில் பூஞ்சை இன்னும் ஆழமாகப் பிடிக்கும்.

கடைசியாகத்தான் உண்மையான மருந்து. துணியில்லாமல் ‘டப் கிளீன்’ ஓட விடுங்கள். அந்தத் தேர்வு இல்லையென்றால் காட்டன் புரோகிராமை 90 டிகிரியிலோ, அது இல்லாவிட்டால் 60 டிகிரியிலோ வையுங்கள். ஆக்சிஜன் வகை டப் கிளீனர் பவுடரைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் போடலாம். உங்கள் மெஷினின் கையேடு பவுடர் வேண்டாம் என்றால் வேண்டாம், சூடே பாதி வேலையைச் செய்துவிடும். ஓடி முடிந்ததும் ரப்பர் மடிப்பைப் பாருங்கள். சாம்பலும் கறுப்புமாகச் செதில்கள் ஒதுங்கியிருக்கும். மறைந்திருந்த படலம் உரிந்து வந்ததற்கு அதுதான் அடையாளம். செதில் வருவது நிற்கும்வரை இன்னொரு முறை, தேவைப்பட்டால் மூன்றாம் முறையும் ஓட்டுங்கள். நம் போர் தண்ணீர் வீட்டுக்கு உப்புப் படிவை நீக்கும் டீஸ்கேலிங் பவுடரும் தேவைப்படும். அதை வேறொரு நாளில், தனியாக, கையேட்டின்படி போட வேண்டும். அது ஆசிட் என்பதால் பிளீச்சோடு ஒருபோதும் சேரக் கூடாது.

இனி இது திரும்பாமல் இருக்க, சோப்பின் அளவிலிருந்து தொடங்க வேண்டும். துவைத்த துண்டுகளைச் சோப்பே போடாமல் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியில் நுரை தெரிந்தால், அது முந்தைய துவைப்புகளில் தங்கிவிட்ட சோப்பு. நுரை நிற்கும்வரை அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கைத்துவைப்புக்கான தூள் இந்த மெஷினுக்கு ஆகாது, நுரை மிகுதி. வாரம் ஒருமுறை துண்டு, படுக்கை விரிப்பு ஆகியவற்றை 60 டிகிரியில் துவையுங்கள். துணியை உடனே எடுத்துவிட்டு மடிப்பைத் துடைத்து, கதவையும் டிரேயையும் திறந்து வையுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அவர்கள் உள்ளே ஏறிவிடாதபடி கவனம் வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ரப்பரில் கறுப்பு மிஞ்சலாம். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டாவிட்டால் அது ரப்பருக்குள் ஊறிய கறைதான். வாடையும் இல்லையென்றால் அதை விட்டுவிடலாம். ரப்பர் கிழிந்திருந்தாலோ பிசுபிசுவென்று இளகியிருந்தாலோ மெக்கானிக்கிடம் சொல்லி மாற்றிவிடுங்கள். வாடை மட்டும் அசையாமல் இருந்து, சுழலும்போது கடகடவென்று சத்தமும் வந்தால் டிரம்மைப் பின்னால் தாங்கும் அலுமினியத் தாங்கி அரித்திருக்கக்கூடும். படலத்துக்கடியில் அது மெல்ல உதிர்வது உண்டு. அப்போது பவுடர் பாக்கெட் வாங்கிப் பயனில்லை. டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டு, செலவு எவ்வளவு என்று கேட்டபின் முடிவெடுப்பதே மேல்.