நான்காவது பில்லில் பிடிபடும் வரி

தனிநபர் காண்ட்ராக்டருக்குப் பணம் கொடுக்கும்போது டிடிஎஸ் ஒரு சதவீதம், ஆடிட்டருக்கோ வக்கீலுக்கோ என்றால் பத்து சதவீதம். வரித்தாள் எழுதப்போகும் மாணவர் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார். மதிப்பெண் பறிபோவது விகிதத்தில் அல்ல, எந்தத் தொகைக்கு எந்த நாளில் பிடிப்பது என்பதில்தான்.

2025-26 நிதியாண்டையே எடுத்துக்கொள்வோம். அதற்கு 1961ஆம் வருடத்து வருமான வரிச் சட்டம் பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்து, 194சி, 194ஜே என்ற பழைய எண்களெல்லாம் 393ஆம் பிரிவுக்குள் போய்விட்டன.

ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி, தன் கட்டடங்களுக்கு பெயின்ட் அடிக்க ஒருவரை அமர்த்துகிறது. அவர் தனிநபர், பான் எண் கொடுத்திருக்கிறார். ஜிஎஸ்டி பதிவு இல்லை. ஜூனில் 28,000, ஆகஸ்டில் 29,000, அக்டோபரில் 25,000, டிசம்பரில் 27,000 என்று நான்கு பில் தருகிறார். 194சி பிரிவில் இரண்டு வரம்புகள் உண்டு. ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் அந்த வருடத்து மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்ட வேண்டும். முதல் மூன்று பில்களில் எதுவும் 30,000ஐத் தொடவில்லை, மூன்றும் சேர்ந்தாலும் 82,000தான். ஆகவே பிடித்தம் இல்லை.

டிசம்பர் பில்லோடு மொத்தம் 1,09,000 ஆகிறது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சிலர் 27,000க்கு மட்டும் 270 ரூபாய் பிடிக்கிறார்கள். சிலர் வரம்புக்கு மேலே உள்ள 9,000க்கு 90 ரூபாய் போடுகிறார்கள். இரண்டும் தவறு. ஒரு லட்சத்தைத் தாண்டிய கணமே, பழைய மூன்று பில்களும் சேர்ந்து முழுத் தொகையும் வரிக்குள் வந்துவிடும். 1,09,000க்கு ஒரு சதவீதம், அதாவது 1,090 ரூபாயை நான்காவது பில்லிலிருந்தே கழிக்க வேண்டும். பெயின்டர் கைக்குப் போவது 25,910. அவர் பான் தராமல் இருந்திருந்தால் விகிதம் 20 சதவீதம்; 21,800 ரூபாய் போயிருக்கும்.

குறிப்பேட்டுப் பதிவு இப்படி:

பெயின்டிங் செலவு க/கு – பற்று 27,000
பெயின்டர் க/கு – வரவு 25,910
செலுத்த வேண்டிய டிடிஎஸ் க/கு – வரவு 1,090

செலவை 25,910 என்று எழுதுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. கம்பெனிக்குச் செலவு 27,000தான். அதில் ஒரு பகுதியைப் பெயின்டர் பேரில் அரசுக்குக் கட்டுகிறது, அவ்வளவே. பில்லைக் கணக்கில் வரவு வைக்கும் நாள், பணம் கொடுக்கும் நாள், இரண்டில் எது முந்தியதோ அன்றைக்கே பிடித்தாக வேண்டும். ஜனவரி 7க்குள் கட்டும்போது டிடிஎஸ் கணக்கைப் பற்று வைத்து, வங்கிக் கணக்கை வரவு வைத்தால் பாக்கி தீர்ந்தது. மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம்.

ஆடிட்டர் பில் வேறு மாதிரி. கட்டணம் 60,000, ஜிஎஸ்டி 10,800, மொத்தம் 70,800. 194ஜேயின் வரம்பு வருடத்துக்கு 50,000. 2025 ஏப்ரலுக்கு முன்பு 30,000ஆக இருந்தது. பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அதன்மீது டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று நேரடி வரிகள் வாரியம் 2017இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. எனவே 60,000க்குத்தான் பத்து சதவீதம், 6,000 ரூபாய். கட்டணம் 60,000, உள்ளீட்டு ஜிஎஸ்டி 10,800 பற்று. ஆடிட்டருக்கு 64,800, டிடிஎஸ்ஸுக்கு 6,000 வரவு. 7,080 என்று விடை எழுதியிருந்தால், எங்கே வழுக்கினார் என்பது திருத்துபவருக்கு உடனே தெரியும்.

வாங்குபவர் பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். ‘டிடிஎஸ் போக ஒரு டாக்டர் 54,000 பெற்றார், அவர் வருமானம் என்ன?’ 54,000ஐ 90ஆல் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும், வருமானம் 60,000. பிடிக்கப்பட்ட 6,000 அவர் கட்டிய வரியாகவே கணக்கில் சேரும். படிவம் 26ஏஎஸ்ஸில் அது ஏறியிருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொள்வது நல்லது.

அந்த 1,090ஐ கம்பெனி பிடிக்கவே மறந்தால்? மாதத்துக்கு ஒரு சதவீத வட்டி. பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் ஒன்றரை சதவீதம், அதுவும் கெடு தாண்டிய நாளிலிருந்து அல்ல, பிடித்த நாளிலிருந்தே. வட்டியாவது சிறு தொகை. கம்பெனி தன் ரிட்டர்ன் தாக்கலுக்கான கெடுவுக்குள்ளும் கட்டாவிட்டால், செலவில் 30 சதவீதம், இங்கே 32,700 ரூபாய், அந்த வருடத்துக் கழிவிலிருந்து போய் லாபத்தோடு சேர்ந்துவிடும். பின்னால் வரியைக் கட்டுகிற வருடத்தில்தான் அந்தக் கழிவு திரும்பக் கிடைக்கும்.