வென்ஃப்ளானை எப்போது மாற்றுவது?

நோயாளியின் கையில் போட்ட வென்ஃப்ளானை மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்துவிட்டு வேறிடத்தில் புதிதாகக் குத்துவது பல வார்டுகளில் நெடுநாள் வழக்கம். சிவப்பு, வீக்கம், வலி என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் மாற்றினால் போதாதா? இந்தக் கேள்விக்காக ஜோன் வெப்ஸ்டர் தலைமையிலான குழு காக்ரேன் அமைப்புக்காக ஒரு முறைசார் மீளாய்வு செய்து, 2010இல் வெளியிட்டது. 2019இல் அது புதுப்பிக்கப்பட்டபோது 9 ஆய்வுகளும் 7412 நோயாளிகளும் அதில் இருந்தார்கள். செவிலியர் துறையில் இத்தகைய மீளாய்வைத் திட்டமிட நினைப்பவருக்கு இது நல்ல மாதிரி.

தேடத் தொடங்கும் முன்பே விதிகளை எழுதிவிட வேண்டும். யார் நோயாளி, எதை எதோடு ஒப்பிடுகிறோம், எந்த விளைவை அளக்கிறோம், எந்த வகை ஆய்வை ஏற்கிறோம் என்பவையே அந்த விதிகள். வென்ஃப்ளான் கேள்விக்குக் குலுக்கல் முறையில் நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்த ஆய்வுகள்தான் வேண்டும். காரணம் எளிது: வார்டில் நல்ல நரம்பு கிடைக்காத நோயாளியின் ஊசியை யாரும் அவசரப்பட்டுக் கழற்ற மாட்டார்கள். நாள் கடந்தும் ஊசி இருந்தவர்களையும் சீக்கிரம் மாற்றப்பட்டவர்களையும் அப்படியே ஒப்பிட்டால், ஒப்பீடு ஊசியைப் பற்றியதாக இல்லாமல் நோயாளிகளைப் பற்றியதாகிவிடும்.

பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. “ரத்தத் தொற்றைப் பதிவு செய்த ஆய்வுகள் மட்டும்” என்று விதி எழுதுவார்கள். அளந்தும் வெளியிடாமல் விட்ட ஆய்வுகள் அதனால் வாசலிலேயே நின்றுவிடும். விளைவை அளக்க வேண்டிய பட்டியலில் வைப்பதுதான் சரி. அதையே நுழைவுச் சீட்டாக்கக் கூடாது. எழுதிய திட்டத்தை யார்க் பல்கலைக்கழகம் நடத்தும் ப்ராஸ்பெரோ பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்துவிட்டால், முடிவுகளைப் பார்த்த பின் விதியை வளைத்தாலும் அது வெளியே தெரிந்துவிடும்.

அடுத்தது சலிப்பது. மெட்லைன், எம்பேஸ் ஆகியவற்றோடு, செவிலியர் இதழ்களை அதிகம் உள்ளடக்கிய சினாலிலும் தேட வேண்டும். கற்பனைக் கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். தேடலில் 1200 பதிவுகள் கிடைக்கின்றன. ஒரே கட்டுரை பல தளங்களில் வந்ததால் 280 கழிகிறது; மீதி 920. தலைப்பையும் சுருக்கத்தையும் இருவர், ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல், தனித்தனியே படித்து 870ஐ நீக்குகிறார்கள். இந்தக் கட்டத்தில் சந்தேகம் வந்தால் உள்ளே விடுவதே முறை. சுருக்கத்தில் சொல்லாதது கட்டுரைக்குள் இருக்கலாம். மிஞ்சிய 50இல் 2 கட்டுரைகளின் முழு வடிவம் கிடைக்கவில்லை. படித்த 48இல் 37 விலக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் “குலுக்கல் இல்லை”, “மையச் சிரை ஊசி” என்று ஒரு காரணம் எழுதியாக வேண்டும். இருவரும் ஒத்துப்போகாத இடத்தில் மூன்றாமவர் தீர்ப்புச் சொல்வார். முதல் சில டஜன் சுருக்கங்களிலேயே கருத்து வேறுபாடு மலிந்தால், பெரும்பாலும் விதியின் வாசகம்தான் தெளிவில்லாமல் இருக்கும். அதைத் திருத்திக்கொண்டு மேலே போக வேண்டும்.

கடைசியில் நிற்பவை 11 கட்டுரைகள். ஆனால் ஆய்வுகள் 11 என்று எழுதிவிட முடியாது. உதாரணமாக, 2012இல் லான்செட் இதழில் வந்த குவீன்ஸ்லாந்து ஆய்வின் செலவுக் கணக்கு பின்னர் தனிக் கட்டுரையாக வெளிவந்தது. கட்டுரைகள் இரண்டு, ஆய்வு ஒன்று. இதைக் கவனிக்காவிட்டால் அதே நோயாளிகள் இருமுறை எண்ணப்படுவார்கள். ஆய்வு நடந்த மருத்துவமனை, காலம், நோயாளிகளின் எண்ணிக்கை, பதிவு எண் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் இரட்டைகள் அகப்படும்.

அந்த ஆய்விலேயே இன்னொரு பொறியும் இருக்கிறது. நோயாளிகள் 3283 பேர். போட்ட ஊசிகள் 5907. ஒருவருக்கே பல ஊசிகள் போடப்படும்போது ஊசிக்கணக்கில் எண்ணினால், ஒரே கையின் தொல்லை பலமுறை பதிவாகும். ஆளைக் கணக்கிட்டதில், அறிகுறி கண்டு மாற்றிய குழுவில் 1593 பேரில் 114 பேருக்கும், வழக்கமாக மாற்றிய குழுவில் 1690 பேரில் 114 பேருக்கும் சிரை அழற்சி வந்தது. இரண்டுமே 7 சதவீதம். தரவுப் படிவத்தில் “ஆளா, ஊசியா?” என்றொரு கட்டத்தைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது.

அறிக்கை எழுத 27 அம்சங்கள் கொண்ட பிரிஸ்மா 2020 பட்டியல் இருக்கிறது. மேலே சொன்ன கழிவுக் கணக்கு முழுதும் அதன் ஓட்டப்படத்தில் இடம்பெறும். சேர்த்த ஒவ்வொரு ஆய்வுக்கும் இடம், ஆட்கள், அழற்சிக்கு அது கொண்ட வரையறை, சார்புக்கான வாய்ப்பு எல்லாம் அட்டவணையில் வர வேண்டும். எந்தக் குழு என்பது ஊசியைப் பார்க்கும் செவிலியருக்குத் தெரிந்தே இருக்கும். அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

விளைவுக்கு விளைவு ஆட்களின் தொகை மாறும் என்பதையும் காட்ட வேண்டும். காக்ரேன் மீளாய்வில் ஊசியால் வந்த ரத்தத் தொற்று அறிகுறிக் குழுவில் 3590 பேரில் ஒருவருக்கு, வழக்கக் குழுவில் 3733 பேரில் இருவருக்கு. மொத்தம் மூன்றே நிகழ்வுகள் என்பதால் இந்தச் சான்றின் உறுதி குறைவு என்று குழு மதிப்பிட்டது. திரவம் சதைக்குள் கசிவதோ அறிகுறிக் குழுவில் 3485 பேரில் 834 பேருக்கும் வழக்கக் குழுவில் 3638 பேரில் 747 பேருக்கும் நேர்ந்தது. வழக்கமாக மாற்றுவது கசிவைக் குறைக்கக்கூடும் என்ற இந்த முடிவுக்கு நடுத்தர உறுதி தரப்பட்டது.