வளைவில் மட்டும் ஏன் பரு?

3டி பிரிண்டரில் சதுரமான பெட்டி ஒன்றை அடித்தால் சுவர் வழவழப்பாக வருகிறது. அதே இழை, அதே சூடு, அதே வேகத்தில் உருண்டையான குவளையை அடித்தால் மேலெல்லாம் பரு. காதைக் கொடுத்துக் கேட்டால், நேர்க்கோட்டில் சீராக ஓடிய மோட்டார் வளைவில் திக்கித் திக்கி ஓடுவது தெரியும். இழை ஈரமா, நாசில் அடைப்பா என்று பலர் ஸ்பேனரைத் தேடுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் பழுது இயந்திரத்தில் இல்லை, கோப்பில் இருக்கிறது.

எஸ்.டி.எல். கோப்பில் வட்டம் என்று ஒன்று கிடையாது, முக்கோணங்கள்தான். ஸ்லைசர் அதை அடுக்கடுக்காக வெட்டும்போது வட்டம் பல பக்கங்கள் கொண்ட பலகோணமாகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு G1 கட்டளை. 40 மி.மீ. விட்டமுள்ள குவளை என்றால் சுற்றளவு சுமார் 126 மி.மீ. 'நல்ல நுணுக்கமாக இருக்கட்டும்' என்று ஏற்றுமதி செய்த கோப்பில் ஒரு பக்கம் 0.1 மி.மீ. இருந்தால், ஒரு சுற்றுக்கு 1,257 கட்டளைகள். நொடிக்கு 60 மி.மீ. வேகத்தில் நொடிக்கு 600 கட்டளைகள் போய்ச் சேர வேண்டும். கணினியிலிருந்து யு.எஸ்.பி. வழியாக 115200 வேகத்தில் அனுப்பினால் நொடிக்குச் சுமார் 11,500 எழுத்துகள்தான் போகும். ஒரு கட்டளைக்கு 30 எழுத்து வைத்தாலும் 400-ஐ எட்டாது. அடுத்த கட்டளை வரும்வரை தலை நின்று காத்திருக்கும். நாசிலுக்குள் இருக்கும் அழுத்தம் காத்திருக்காது. கசிந்து உறையும் அந்தத் துளிதான் பரு.

எஸ்.டி. கார்டிலிருந்து அடித்தாலும் முழுதாகத் தப்ப முடியாது. மார்லின் ஃபர்ம்வேர் உள்ள பல பழைய போர்டுகள் ஒரே நேரத்தில் 16 நகர்வுகளைத்தான் முன்கூட்டிப் பார்க்கும். பக்கம் 0.1 மி.மீ. என்றால் அதன் பார்வை 1.6 மி.மீ. மட்டுமே. அந்தத் தூரத்துக்குள் நின்றுவிட முடிகிற வேகத்தில்தான் அது ஓடும். முடுக்கம் 500 என்று வைத்தால் அந்த வேகம் நொடிக்கு 40 மி.மீ. நீங்கள் 60 என்று போட்டிருப்பது திரையோடு சரி.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது, பக்கத்தின் நீளத்தை. உண்மையான வட்டத்திலிருந்து கோடு எவ்வளவு விலகலாம் என்று ஸ்லைசரிடம் சொன்னால், தேவையற்ற புள்ளிகளை அதுவே நீக்கிவிடும். கணக்கு எளியது:

```
L = √(8 × R × d)
```

R ஆரம், d விலகல், L பக்கத்தின் நீளம். நம் குவளைக்கு R 20. புரூசாஸ்லைசரின் G-code resolution வழக்கமாக 0.0125. அப்படியானால் L சுமார் 1.4 மி.மீ. 1,257 பக்கங்கள் 89 ஆகிவிடும். நொடிக்கு 43 கட்டளைகள் போதும். விலகலோ 0.2 மி.மீ. அடுக்கின் உயரத்தில் பதினாறில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது. குராவில் இதே வேலையை Maximum Resolution, Maximum Deviation இரண்டும் செய்கின்றன, முறையே 0.5, 0.025 வைக்கலாம். பேராசைப்பட்டு விலகலை 0.1 ஆக்கிவிடாதீர்கள். பக்கம் 4 மி.மீ. ஆகி, குவளையில் பட்டை பட்டையாகத் தெரியும்.

அடுத்தது Arc fitting. வரிசையாக வரும் சிறு கோடுகள் ஒரே வட்டத்தில் பொருந்தினால் ஸ்லைசர் அவற்றை ஒரே வில்லாக எழுதும். குவளையின் கால் சுற்று இப்படி ஒற்றை வரியாகிவிடும்:

```
G1 X120 Y100
G3 X100 Y120 I-20 J0 E1.063
```

I, J இரண்டும் தொடக்கப் புள்ளியிலிருந்து மையம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. கேபிளில் போகும் எழுத்து வெகுவாகக் குறையும். துண்டாக்கும் வேலையை ஃபர்ம்வேரே பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்கு G2, G3 தெரிந்திருக்க வேண்டும். M115 அனுப்பிப் பாருங்கள். பதிலில் Cap:ARCS:1 இருந்தால் சரி. தெரியாத ஃபர்ம்வேர் அந்த வரியைத் தாண்டிவிட்டு அடுத்த புள்ளிக்கு நேராக வெட்டிப் போகும், குவளை கெட்டது.

கிளிப்பர் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை, இதைத் தொடவே வேண்டாம். கிளிப்பர் வில்லை வாங்கி மறுபடி கோடுகளாகவே உடைக்கிறது, அதுவும் இயல்பாக 1 மி.மீ. துண்டுகளாக. 2 மி.மீ. ஆரமுள்ள திருகு ஓட்டை பன்னிரண்டு பக்க ஓட்டையாகிவிடும். கோட்டை வில்லாக்கி, வில்லைக் கோடாக்கி என்ன லாபம்?

எதையும் மாற்றுமுன் ஒரு சோதனை. அதே கோப்பைப் பாதி வேகத்தில் அடியுங்கள். பரு மறைந்தால் மேலே சொன்னதுதான் காரணம். பரு ஒரே செங்குத்துக் கோட்டில் வரிசையாக நின்றால் அது அடுக்கு தொடங்கும் தையல்; நேரான சுவரிலும் சிதறியிருந்தால் இழையைக் காயவையுங்கள். அந்த இரண்டுக்கும் Resolution மருந்தல்ல.